அடைப்பு இல்லை, ஒடுக்கம்

"தம்பி, எத்தனை அடைப்பு?"

ஊதுற டெஸ்ட் முடித்து ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய பெரியவர் கேட்ட கேள்வி இது. வயது 62, முப்பது வருடம் பீடி குடித்தவர். கூட வந்திருந்த மகளுக்கு அதைவிடப் பெரிய கவலை: "ஸ்டென்ட் வைக்கணுமா சார்?" அவர்கள் மேல் தப்பில்லை. அச்சடித்த தாளில் 'நுரையீரல் அடைப்பு' என்றுதான் இருந்தது. இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது என் காதில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊதுற டெஸ்ட் எடுக்கும் கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். அதன் வேரைச் சட்டென்று பார்த்துவிடலாம். 'ஸ்பைரோ' என்பது மூச்சுவிடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, 'மீட்டர்' அளவு. மூச்சுமானி என்ற தமிழ்ச் சொல் பழுதில்லாதது. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846-இல் இந்தக் கருவியைப் பற்றி எழுதினார். ஒருவரால் மொத்தம் எவ்வளவு காற்றை வெளியே விட முடியும் என்பதை அவர் அளந்தார். அந்தக் காற்று எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கும் வழக்கம் நூறு வருடம் கழித்து, 1947-இல் பிரான்சின் டிஃபெனோவும் பினெல்லியும் எழுதிய பிறகுதான் வலுப்பட்டது. 'அப்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் 'எதிரே கட்டி எழுப்புதல்' என்று பொருள். அதாவது குறுக்கே சுவர். அதற்குத் தமிழில் 'அடைப்பு' போட்டவர்கள் அந்தச் சுவரை நம்பிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் முக்கியமானவை இரண்டு எண்கள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சில் கடைசிவரை ஊதினால் மொத்தம் வருவது FVC. அதில் முதல் ஒரு நொடியில் மட்டும் வெளியேறுவது FEV1. இரண்டிலும் முதலில் நிற்கும் F 'ஃபோர்ஸ்டு'. அந்தச் சொல்லை 'கட்டாய' என்று பெயர்த்து, 'கட்டாய உயிர்ப்புக் கொள்ளளவு' என்று எழுதுகிறார்கள். கட்டாய ஹெல்மெட் போல! நம்மிடம் 'முழுமூச்சாக' என்று ஒரு சொல் எவ்வளவு காலமாக இருக்கிறது? முழுமூச்சு அளவு, முதல் நொடி மூச்சு, முதல் நொடி விகிதம். இந்த மூன்றும் போதும்.

பெரியவரின் கணக்கு இது:

```
FEV1 = 1.65 L
FVC  = 3.00 L
FEV1/FVC = 0.55
```

நூறு பங்கு காற்றில் முதல் நொடியில் 55 பங்குதான் வந்திருக்கிறது. நல்ல நுரையீரலில் இது ஏறக்குறைய 75-க்கு மேல் இருக்கும், வயது ஏற ஏற மெல்ல இறங்கும். 70-க்குக் கீழே போனால் சந்தேகப்படு என்பது எளிய கோடு. ஆனால் அந்தக் கோடு எல்லா வயதுக்கும் ஒன்று என்பதால் 80 வயதுக்காரரை வீணாக நோயாளி ஆக்கும், 25 வயதுக்காரரைக் கோட்டை விடும். அதனால் அந்த வயதுக்கும் உயரத்துக்கும் உரிய கீழ் எல்லையையும் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டும். 55 என்பது எந்தக் கணக்கிலும் கீழேதான்.

இப்போது இந்த எண்ணிடமே கேட்போம், இது அடைப்பா? அவருக்கு மூன்று லிட்டர் காற்றும் வெளியே வந்துவிட்டது. நேரம்தான் ஆனது. சாக்கடை அடைப்பு, குழாய் அடைப்பு, மாரடைப்பு என்று நாம் சொல்லும்போது ஓர் இடத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது, எடுத்துவிட்டால் ஓடும் என்றுதான் பொருள். இங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் உள்ளே வீங்கியோ, தசை இறுகியோ, தாங்கிப் பிடிக்கும் நார்கள் தளர்ந்து ஊதும்போது ஒட்டிக்கொண்டோ குறுகிப் போகின்றன. மூச்சை இழுக்கும்போது ஓரளவு விரிந்துகொள்ளும் குழல், விடும்போது ஒடுங்குகிறது. கோடு போட்டுக் காட்டும் படத்திலும் இது தெரியும். உச்சியிலிருந்து நேராகச் சரிய வேண்டிய கோடு, கரண்டியால் தோண்டியது போல உள்பக்கம் குழிந்திருக்கும்.

'மூக்கடைப்பு என்கிறோமே, அதுவும் வீக்கம்தானே' என்று நண்பர் ஒருவர் மடக்கினார். சரிதான். ஆனால் மூக்கடைத்தவர் என்ன செய்கிறார்? சிந்திப் பார்க்கிறார். எங்கள் பெரியவரும் சளியைக் காறித் துப்பிவிட்டால் அடைப்பு போய்விடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் இன்ஹேலர் எதற்கு என்பது அவருக்கு விளங்கவேயில்லை.

அடுத்த போட்டிச் சொல் 'தடை'. இதில் வேறு வம்பு. ஊதும் சோதனையில் இரண்டாவது சாயல் ஒன்று உண்டு. அங்கே விகிதம் சரியாக இருக்கும், மொத்த அளவே குறைந்திருக்கும். நுரையீரலே சிறுத்துப் போனால் அப்படி வரும். மொழிபெயர்ப்பாளர்கள் முதலாவதைத் 'தடுக்கும் நோய்' என்றும் இரண்டாவதைக் 'கட்டுப்படுத்தும் நோய்' என்றும் எழுதிவைக்கிறார்கள். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நோய் எதைக் கட்டுப்படுத்துகிறது, சர்க்கரையையா? அகராதியில் முதல் வரியில் இருப்பதை எடுத்து ஒட்டுகிறவர் ஒருமுறையாவது அந்தக் குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும்.

என் சொல் ஒடுக்கம். ஒடுங்கிய சந்து என்றால் யாருக்கும் புரியும். வண்டி போகும், மெதுவாகப் போகும். ஒடுக்குமுறை நினைவுக்கு வருகிறது என்பார்கள், வரட்டும்; 'குழல் ஒடுக்கம்' என்று சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது. இரண்டாவதற்கு 'நுரையீரல் சுருக்கம்'. குழல் ஒடுங்கினால் விகிதம் இறங்கும், பை சுருங்கினால் அளவு இறங்கும்.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. பெரியவர் முதல் தடவை ஊதும்போது மூன்றாவது நொடியிலேயே நிறுத்திவிட்டார். வந்தது 2.30 லிட்டர். 1.65-ஐ அதால் வகுத்தால் 72 சதவீதம்! ஒடுக்கம் மறைந்துபோய், அளவு குறைந்து, சுருக்கம் போலக் காட்டியது. கோடு தட்டையாகும் முன்பே வெட்டுப்பட்டிருந்ததால் பிடித்துவிட்டோம். 'இன்னும், இன்னும், ஊதுங்க' என்று நாங்கள் கத்துவது இதற்குத்தான். ஒழுங்கான மூன்று ஊதல் வேண்டும். அவற்றில் பெரிய இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அப்புறம் குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை நான்கு முறை இழுக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னோம். முதல் நொடி மூச்சு 1.75 ஆனது, மொத்தம் 3.10, விகிதம் 56. அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்த்த முதல் நொடி மூச்சு 2.5 லிட்டர். கூடிய 100 மில்லி அதில் 4 சதவீதம்தான். 2022-இல் வந்த வழிமுறைப்படி 10-ஐத் தாண்டினால்தான் மருந்துக்கு இளகியது என்று கொள்வார்கள். ஆக, மருந்துக்குப் பிறகும் ஒடுக்கம் நிற்கிறது. பீடியும் வருடக்கணக்கான இருமலும் சேரும்போது, நாள்பட்ட குழல் ஒடுக்க நோயான சிஓபிடி பக்கம்தான் மருத்துவர் சாய்வார். நன்றாக இளகியிருந்தால் ஆஸ்துமாவை யோசிப்பார். மூச்சுக்குழல் நிலையாக விரிந்து சளி தேங்கும் நோயிலும், பழைய காசநோய்க்குப் பிறகும்கூட இதே ஒடுக்கம் வரலாம். அதனால்தான் 'ஒடுக்கச் சாயல்' என்கிறேன். தாள் சாயலைத்தான் காட்டும், நோயின் பெயரை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெரியவரிடம் கையைக் குழல்போல மடக்கிக் காட்டி, "அடைக்கலை ஐயா, ஒடுங்கியிருக்கு. இந்த மருந்து கொஞ்சம் விரிக்கும், பீடியை விட்டா மேலும் வேகமா ஒடுங்காது" என்றேன். மகள் ஸ்டென்ட்டைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை. எங்கள் தாளில் இன்னும் 'அடைப்பு'தான். அச்சடித்த கட்டு தீரும்வரை பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.