மாறாக் கணியம்: சொல் விளக்கம்

'கன்சர்வ்டு குவாண்டிட்டி' என்று வகுப்பறையில் சொல்வதற்குத் தமிழ் மாறாக் கணியம். லத்தீனில் 'செர்வாரே' என்றால் காத்தல். முன்னொட்டோடு சேர்ந்து 'அப்படியே பேணுதல்' ஆனது. 'காப்புக் கணியம்' என்றும் ஆக்கலாம். ஆனால் ஆற்றல் மாறா விதியைப் பள்ளியிலேயே படித்துவிட்டதால் 'மாறா' என்பதே நமக்குப் பழகிய சொல். மாறிலி வேறு: அது எப்போதும் ஒரே எண். மாறாக் கணியமோ மாறுகிற அளவுகளைச் சேர்த்துக் கட்டிய கோவை. உறுப்புகள் மாறினாலும் மொத்தம் நகராது.

இதைப் பார்க்க நல்ல இடம், 1920களில் லோட்காவும் வோல்டெராவும் தனித்தனியே எழுதிய இரை–கொன்றுண்ணிச் சமன்பாடுகள். (கொன்றுண்ணியை இலங்கையில் இரைகௌவி என்பார்கள்.) இரை x, கொன்றுண்ணி y. எளிய எண்கள் போட்டால்:

```
x' = x(2 − y)
y' = y(x − 1)
```

இரண்டும் சுழியாகும் சமநிலைகள் இரண்டு. ஒன்று (0, 0). மற்றொன்று (1, 2). இங்கே இரண்டு இனமும் கூடாமல் குறையாமல் நிற்கும். இனி ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் நேரம் விலகிவிடும். x-ஐ ஒரு பக்கமும் y-ஐ மறுபக்கமும் பிரித்துத் தொகையிட்டால் கிடைப்பது:

```
V = x − ln x + y − 2 ln y
```

V-இன் மாறுவீதம் (x−1)(2−y) + (y−2)(x−1), அதாவது சுழி. சரி, இதனால் என்ன பயன்? (1, 1)-இல் தொடங்குங்கள்; V = 2. x மறுபடி 1 ஆகும்போது y − 2 ln y = 1 ஆக வேண்டும். அதற்குத் தீர்வு இரண்டுதான்: பழைய 1, இன்னொன்று சுமார் 3.51. x = 1-இல் y' சுழியாவதால் அதுவே கொன்றுண்ணியின் உச்சம்; சமன்பாட்டைத் தீர்க்காமலேயே அது தெரிந்துவிட்டது. x − ln x, y − 2 ln y இரண்டும் ஒரே பள்ளம் கொண்டு இருபுறமும் எல்லையின்றி ஏறுபவை. அதனால் V = 2 என்ற கோடு சமநிலையைச் சுற்றி வந்து தன்னையே தொடுகிறது. இதுதான் மூடிய சுற்றுப்பாதை.

ln x-இன் மாறுவீதம் 2 − y. ஒரு சுற்று முடிந்தால் ln x பழைய இடத்துக்கே வரும், ஆகவே y-இன் சராசரி சரியாக 2. எந்தப் பாதையானாலும் அதேதான். அதே வழியில் x-இன் சராசரி 1. இந்த 2 இரையின் பெருக்க வீதம், 1 கொன்றுண்ணியின் இறப்பு வீதம். மீன்பிடி இரையின் பெருக்கத்தைக் குறைத்து, கொன்றுண்ணியின் இறப்பைக் கூட்டுகிறது. பிடிப்பு குறைந்தால் சராசரியில் கொன்றுண்ணி கூடும், இரை குறையும். ஏட்ரியாட்டிக் கடலோர ஃபியூமே சந்தையில் சுறா, திருக்கை வகைகளின் பங்கு 1914-இல் 11.9 விழுக்காடு, போரால் மீன்பிடி குன்றிய 1918-இல் 36.4 விழுக்காடு என்று உயிரியலாளர் தான்கோனா தொகுத்திருந்தார். வோல்டெராவைத் தூண்டிய புதிர் அதுதான்.

கணினியில் ஆய்லர் முறையில் 0.1 படியாக ஓட்டினால் பாதை மூடாது, வெளியே சுருளும். அது விலங்குகளின் செயல் இல்லை, கணக்கிடும் முறையின் பிழை. V-ஐயும் அச்சிட்டுப் பாருங்கள்: முதல் படியிலேயே 2 என்பது 2.0047 ஆகிவிடும். அப்புறம், இரைக்குத் தீவனத் தட்டுப்பாடு என்று சமன்பாட்டில் −x² உறுப்பு சிறிதளவு சேர்த்தாலும் V மாறாமல் நிற்காது. பாதை சமநிலையை நோக்கி உள்ளே சுருளும்.