அதிகம் விற்பவர் மீது புகார் வந்தால்: உள்ளகப் புகார்க் குழு எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது?

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழு ஒன்றை அமைத்திருக்க வேண்டும். 1997இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. இன்றும் பல அலுவலகங்களில் இதை ‘விசாகா கமிட்டி’ என்றுதான் சொல்கிறார்கள். மூத்த பெண் ஊழியர் ஒருவர் இதன் தலைவராக இருப்பார். ஊழியர்களிலிருந்து குறைந்தது இருவரும், வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவன உறுப்பினரோ இவ்விஷயம் அறிந்தவரோ ஒருவரும் உறுப்பினர்களாக இருப்பார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

சட்டத்திலோ விதிகளிலோ, புகாருக்கு உள்ளானவர் எவ்வளவு விற்றார், எத்தனை விருது வாங்கினார் என்பதைக் கேட்கும் இடம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கு விசாரணை அறைக்குள் வந்துவிடுகிறது. அது எந்த வழியாக வருகிறது, குழு அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைக் கற்பனையாக அமைத்த ஒரு வழக்கை வைத்துப் பார்க்கலாம்.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் 140 பேர் வேலை செய்கிறார்கள் என்று கொள்வோம். அதன் மண்டல விற்பனை மேலாளர்தான் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுவருகிறார். அவருடைய பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ஒரு பெண், ஏப்ரல் 21 அன்று எழுத்து மூலம் புகார் கொடுக்கிறார். அக்டோபரில் வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருந்தபோது விடுதியில் மேலாளர் தவறாக நடந்துகொண்டார் என்றும், அதன் பிறகு இரவு நேரங்களில் தொடர்ந்து செய்திகள் அனுப்பினார் என்றும், கடைசிச் செய்தி பிப்ரவரி 2 அன்று வந்தது என்றும், அதற்குத் தாம் கடுமையாக மறுப்புத் தெரிவித்ததாகவும் அவர் சொல்கிறார்.

முதல் சோதனை காலக்கெடுவில் வருகிறது. நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும் என்பது விதி. அக்டோபர் நிகழ்வை மட்டும் தனியே பிரித்து, ‘காலம் கடந்துவிட்டது’ என்று சொல்லிக் கோப்பை மூடிவிட விரும்பும் நிர்வாகங்கள் உண்டு. ஆனால் தொடர் நிகழ்வுகளாக இருந்தால் கடைசி நிகழ்விலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே இந்தப் புகார் கெடுவுக்குள் வருகிறது. கெடு கடந்திருந்தாலும்கூட, உரிய நேரத்தில் புகார் தர முடியாத சூழல் இருந்தது என்று குழு கருதினால், காரணத்தை எழுதி வைத்து மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

அடுத்து, குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது. உறுப்பினர்களில் ஒருவருடைய ஊக்கத்தொகை இந்த மேலாளரின் விற்பனையைப் பொறுத்தது என்றால், அவர் விலகிக்கொண்டு, விலகிய காரணத்தைப் பதிவேட்டில் எழுதுவதே முறை. தலைவரோடு சேர்த்து மூன்று உறுப்பினர்கள் இருந்தால் விசாரணை நடத்த முடியும் என்பதால், ஒருவர் விலகுவதால் வேலை நின்றுவிடாது. நிர்வாக இயக்குநரே தலைவரை அழைத்து, ‘மார்ச் கணக்கு இப்போதுதான் முடிந்திருக்கிறது, அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால், அந்த உரையாடலையும் தேதியிட்டு எழுதி வைப்பது நல்லது. இப்படி எழுதி வைப்பது தெரிந்தால் அழைப்புகள் குறைந்துவிடும்.

புகார் கிடைத்த ஏழு வேலை நாள்களுக்குள் அதன் நகலை மேலாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் பத்து வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இதற்கிடையில் இடைக்கால நிவாரணம் பற்றிய கேள்வி எழும். பாரபட்சம் யார் கண்ணுக்கும் படாமல் நுழைவது பெரும்பாலும் இங்கேதான். புகார்தாரர் எழுத்து மூலம் கேட்டால், அவரையோ மேலாளரையோ வேறிடத்துக்கு மாற்றலாம், அவருக்கு வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம், மேலாளர் அவருடைய வேலையை மதிப்பிடக் கூடாது என்று தடுக்கலாம். ‘அவரை மாற்றினால் டீலர்கள் கலைந்துவிடுவார்கள், இந்தப் பெண்ணை ஸ்டோருக்கு மாற்றிவிடலாம்’ என்ற யோசனை உடனே வரும். அது நிர்வாகத்துக்கு வசதியான ஏற்பாடு, அவ்வளவுதான். மாற்றத்தைக் கேட்க வேண்டியவர் புகார்தாரர். அவர் தம் இருக்கையிலேயே இருக்க விரும்பினால், மேலாளர் அவருக்கு வேலை ஒதுக்குவதையும் மதிப்பெண் போடுவதையும் வேறு அதிகாரியிடம் கொடுத்தால் போதும். டீலர்களும் எங்கும் போய்விடப் போவதில்லை.

மேலாளரின் பதிலோடு ஐந்து ஆண்டு விற்பனைப் பட்டியலும், விருதுச் சான்றிதழ்களும், அவர் பிரிவைச் சேர்ந்த எட்டுப் பேர் கையெழுத்திட்ட கடிதமும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இவற்றைத் திருப்பி அனுப்பக் கூடாது. தம் தரப்பை முன்வைக்கும் உரிமை அவருக்கு உண்டு. பெற்றுக்கொண்டு, எண்ணிட்டு, ‘அக்டோபரிலும் அதன் பின்னரும் என்ன நடந்தது என்பதைத் தீர்மானிக்க இவை உதவவில்லை’ என்று குறிப்பெழுதி வைக்க வேண்டும். எட்டுப் பேரும் சொல்வது, ‘எங்களிடம் அவர் நல்லவிதமாக நடந்துகொண்டார்’ என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் விடுதியில் நடந்ததற்கு அவர்கள் சாட்சிகள் அல்லர். மேலும், எட்டுப் பேருக்கும் மதிப்பெண் போடுபவர் அவர்தான்.

இதைவிடக் கனமான வாதம் ஒன்று அதே பதிலில் இருக்கிறது. ‘ஜனவரி மதிப்பீட்டில் குறைந்த மதிப்பெண் கொடுத்தேன், அந்தக் கோபத்தில் புகார் கொடுத்திருக்கிறார்’ என்கிறார் மேலாளர். கேட்டவுடன் பொருத்தமாகத் தோன்றும் வாதம் இது. ஐந்துக்கு 4 வாங்கிக்கொண்டிருந்தவர் 2 வாங்கியிருப்பது உண்மைதான். ஆனால் இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாலியல் நடத்தையோடு சேர்ந்து வரும் ‘வேலையில் பாதகமாக நடத்துவேன்’ என்ற வெளிப்படையான அல்லது மறைமுகமான மிரட்டலையும் துன்புறுத்தலின் சூழ்நிலையாகவே பட்டியலிடுகிறது. அப்படியானால் அந்தக் குறைந்த மதிப்பெண் பொய்ப் புகாருக்கான நோக்கமாகவும் இருக்கலாம், மறுப்புச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனையாகவும் இருக்கலாம். எதையும் முன்கூட்டியே நம்பிவிடாமல், ஆவணங்களைக் கேட்டு வாங்குவதுதான் குழுவின் வேலை. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கும் உண்டு.

குழு கேட்பது மூன்று தாள்கள். முதலாவது, அந்தப் பிரிவில் உள்ள ஒருங்கிணைப்பாளர்கள் ஆறு பேரின் கடைசி நான்கு காலாண்டு மதிப்பெண்கள். மற்ற ஐந்து பேருடைய மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது, புகார்தாரரின் வேலைக் கணக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை டீலர்களுக்கு 118 விலைப்புள்ளிகள் அனுப்பியிருக்கிறார், அடுத்த காலாண்டில் 121. மூன்றாவது, மதிப்பீட்டு மென்பொருளின் திருத்தப் பதிவு. ஜனவரி 12 அன்று மேலாளர் 4 என்றே பதிந்திருக்கிறார். பிப்ரவரி 3 இரவு 11.40 மணிக்கு அது 2 ஆக மாற்றப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் மூன்று வரி எழுதியிருந்த காரணக் கட்டத்தில் இம்முறை ‘அணுகுமுறை சரியில்லை’ என்று மட்டும் இருக்கிறது. பிப்ரவரி 2 செய்திக்குப் புகார்தாரர் மறுப்புச் சொன்ன மறுநாள் அது.

இந்தத் தாள்கள் வேறு விதமாகவும் இருந்திருக்கலாம். நவம்பரிலேயே இரண்டு டீலர்கள் புகார்தாரரின் தாமதம் குறித்து மின்னஞ்சலில் குறை சொல்லியிருந்து, மேலாளர் அப்போதே எழுத்தில் எச்சரித்திருந்து, மதிப்பெண்ணும் உரிய நாளிலேயே பதியப்பட்டிருந்தால், குழு அந்த மதிப்பெண்ணைப் பழிவாங்கல் என்று சொல்ல முடியாது. அப்போதும் விடுதி நிகழ்வும் செய்திகளும் தனியே விசாரிக்கப்பட வேண்டியவையே. வேலையில் சுணக்கம் உள்ளவருக்கும் துன்புறுத்தல் நேரலாம். தராசில் எது கூடுதலாக நடந்திருக்கக் கூடியதோ அதை ஏற்பதே இங்கே அளவுகோல். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை.

எதிர்ப்பக்கச் சாய்வையும் சொல்ல வேண்டும். பெரிய ஆளைத் தொட்டுக் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் சில குழுக்கள் அவசரப்படுகின்றன. ‘இவரைப் பற்றி முன்பே பேச்சு உண்டு’ என்று தேநீர் இடைவேளையில் காதில் விழுந்ததை மேலாளருக்குத் தெரிவிக்காமலேயே மனதில் வைத்துக்கொண்டு முடிவெழுதுவதும் பாரபட்சம்தான். சாட்சிகளின் வாக்குமூலம் அவருக்குத் தரப்பட வேண்டும், அவற்றை மறுக்க வாய்ப்பும் தரப்பட வேண்டும். நேருக்கு நேர் நிற்கப் புகார்தாரர் அஞ்சினால், மேலாளரின் கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே கேட்கலாம். கோவா பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவர் ஒருவரைப் பணிநீக்கம் செய்த உத்தரவை 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விசாரணையை மீண்டும் நடத்துமாறு அனுப்பியதற்குக் காரணம், குழு அவசரமாக நடவடிக்கைகளை முடித்து அவருக்குப் போதிய வாய்ப்புத் தராததே. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதன் சுமை புகார் கொடுத்தவர்கள் தலையிலும்தான் விழுகிறது.

இடையில் சமரசப் பேச்சு வரலாம். புகார்தாரர் தாமே கேட்டால் மட்டுமே, அதுவும் விசாரணை தொடங்கும் முன் மட்டுமே அதற்கு இடமுண்டு. பணம் கொடுத்து முடிப்பது சமரசத்தின் அடிப்படையாக இருக்க முடியாது.

விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். முடிந்த பத்து நாள்களுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்கும் இரு தரப்புக்கும் போக வேண்டும். நிரூபணமானால், எழுத்து மூல மன்னிப்பு, கண்டனம், பதவி உயர்வு அல்லது ஊதிய உயர்வு நிறுத்தம், பணிநீக்கம் என்று விதிகளில் பல படிகள் உள்ளன. எந்தப் படி என்று முடிவெடுக்கும்போது விற்பனைக் கணக்கு மறுபடியும் தலைகாட்டும். குழுவுக்கு உதவக்கூடிய ஒரு கேள்வி உண்டு: இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரிச் செயலுக்காகக் கிடங்கு எழுத்தர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தால், மேலாளருக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் போதும் என்பதற்கு அறிக்கையில் என்ன காரணம் எழுதுவார்கள்? எழுதத் தகுந்த காரணம் கிடைக்கவில்லை என்றால், சலுகைக்கு இடமில்லை. பரிந்துரை வந்த 60 நாள்களுக்குள் நிர்வாகம் அதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். ‘அடுத்த காலாண்டு முடியட்டும்’ என்பதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. நடவடிக்கை எடுக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நிரூபணமாகவில்லை என்றால் மேலாளர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று குழு எழுதும். அதனாலேயே புகார் பொய்யாகிவிடாது. தீய நோக்கம் தனியே விசாரிக்கப்பட்டு நிறுவப்பட்டால்தான் புகார்தாரர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க முடியும். சான்று போதாமை அதற்குக் காரணமாகாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முடிவை ஏற்காத எந்தத் தரப்பும் 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நமது பம்பு நிறுவன வழக்கில் மிச்சமிருப்பது அந்த 2 என்ற மதிப்பெண். மேலாளர் தண்டிக்கப்பட்ட பிறகும் அது மென்பொருளில் அப்படியே இருந்தால், அதை வைத்துத்தான் அந்தப் பெண்ணின் ஊதிய உயர்வு கணக்கிடப்படும். ஆகவே அந்தக் காலாண்டை வேறு அதிகாரி புதிதாக மதிப்பிட வேண்டும் என்பதையும் குழு தன் அறிக்கையில் சேர்ப்பது நல்லது. இழந்த பணி வாய்ப்பு, இழப்பீட்டைக் கணக்கிடும்போது பார்க்க வேண்டிய ஒன்று என 15ஆம் பிரிவு குறிப்பிடுவதால், அந்தக் காலாண்டில் அவருக்குக் கிடைக்காமல் போன ஊக்கத்தொகையையும் அங்கேயே கணக்கிட்டு எழுதலாம்.