Featured பகுதி சான்றிதழ் மாட்டும் சுவர் அல்ல

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பகுதிப் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி. அநேகமாக எல்லாப் பக்கங்களிலும், செய்த வேலைகளை எடுத்துக்காட்டுவதற்கான Featured பகுதியின் முதலிடத்தில் பாடநெறிச் சான்றிதழ் ஒன்றும், அதற்கடுத்துப் பொன்னாடை போர்த்திய படமும், பிறகு இன்னும் சில சான்றிதழ்களும் இருக்கின்றன. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சான்றிதழ்களுக்கு Licenses & certifications என்றே தனிப் பகுதி உண்டு. நீங்கள் பாடநெறியை முடித்தீர்கள் என்பதை மட்டுமே சான்றிதழ் சொல்லும். ஆள் தேடுபவரோ, அந்தப் படிப்பைக் கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பார்க்க வருகிறார். கணினித் திரையில் முதல் ஓரிரு உருப்படிகளே கண்ணில் படும். மற்றவற்றைப் பார்க்க அம்புக்குறியை அழுத்த வேண்டும், அதற்குப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆகவே எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்பதைவிட முதலாவதாக எது நிற்கிறது என்பதே முக்கியம்.

அண்மையில் தோட்டத்து இளைஞர் ஒருவரின் பக்கம் என்னிடம் வந்தது. கொழுந்து நிறுவையைக் கைபேசியில் பதிந்து, சிக்னல் இல்லாத மலையிலும் சேமித்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும் செயலி ஒன்றை அவர் தாமாகவே உருவாக்கியிருந்தார். ஆனால் நிரல்களைச் சேமித்துக் காட்டும் கிட்ஹப் தளத்தில் அவருடைய பக்கத்தின் முகப்பில் வகுப்புப் பயிற்சிகளும், பிறருடைய வேலையிலிருந்து எடுத்த பிரதிகளுமே பின் செய்யப்பட்டிருந்தன. அங்கே 6 வரை பின் செய்யலாம் என்பதற்காக ஆறையும் நிரப்ப வேண்டியதில்லை. Customize your pins வழியாக எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அந்தச் செயலியையும் இன்னொரு வேலையையும் மட்டும் வைத்தோம்.

அப்போதும் வெளியாருக்குச் செயலி தெரியவில்லை. அதன் நிரல் இருந்த களஞ்சியம் Private ஆக இருந்தது. பின் செய்திருந்தாலும், அப்படிப்பட்ட களஞ்சியம் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே தெரியும். அதைப் பொதுவாக்கும் முன், மாதிரித் தரவில் தொழிலாளர்களின் உண்மைப் பெயர்களும் சம்பள விபரங்களும் கிடப்பதைக் கண்டு அவரைக் கடிந்துகொண்டேன். பழைய பதிவுகளின் வரலாற்றிலும் அவை தங்கிவிடும் என்பதால், கற்பனைப் பெயர்கள் இட்ட புதிய களஞ்சியத்தைத் தொடங்கச் சொன்னேன். README கோப்பின் முதல் வரியில் செயலி யாருக்கு, எதற்கு என்பதை எழுதி, கீழே செயலியின் திரைப்பிடிப்பு ஒன்றும் சேர்த்தார்.

லிங்க்ட்இன்னில் செயலி இயங்குவதைக் காட்டும் குறுங்காணொளியின் இணைப்பை, பென்சில் குறியை அழுத்தி, இழுத்து முதலிடத்துக்குக் கொண்டுவந்தோம். தலைப்பில் "My project" என்று விட்டுவிடாமல், "சிக்னல் இன்றி இயங்கும் கொழுந்து நிறுவைப் பதிவு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதி, அதில் தாம் செய்த பங்கை விளக்கத்தில் இரண்டே வரிகளில் குறிப்பிட்டார்.

தயவுசெய்து, இணைப்பை வைத்த கையோடு உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். கூகுள் டிரைவ் கோப்பு அனுமதி கேட்டு நின்றால், பார்ப்பவர் உங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க மாட்டார். பக்கத்தை மூடிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.