ஜாமீன் கிடைத்தும் சிறையிலிருந்து விடாதது ஏன்? குண்டர் சட்டம் பற்றிக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"சார், ஜாமீன் கிடைச்சாச்சு, ஜாமீன்தாரரும் வந்து கையெழுத்துப் போட்டாச்சு, ஜெயில்ல மட்டும் விடமாட்டேங்கிறாங்க." குற்ற வழக்கு நடத்துகிற வழக்கறிஞர்கள் எல்லாருமே இதைக் கேட்டிருப்பார்கள். விசாரித்தால், பையன் உள்ளே இருக்கும்போதே சிறைக்கு இன்னொரு ஆணை வந்திருக்கும். தமிழ்நாட்டில் அதைக் 'குண்டாஸ்' என்பார்கள். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்படும் தடுப்புக் காவல் ஆணை அது. ஜாமீன் கொடுத்த நீதிமன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதற்கு ஜாமீன் மனு என்ற ஒன்றே இல்லை.

குற்றத்துக்காகக் கைதுசெய்தால், முடிந்துபோன ஒரு சம்பவத்துக்காகக் கைது செய்கிறார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீனில் வெளியே வரும் உரிமையும் உண்டு. கடைசியில் சாட்சி விசாரித்து, குற்றம் செய்தாரா இல்லையா என்று ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்வார்.

தடுப்புக் காவலில், காரணத்தைச் சொல்வதைத் தவிர இவை எதுவும் கிடையாது. இவரை வெளியே விட்டால் இனிமேல் பொது ஒழுங்குக்குக் கேடு செய்வார் என்று ஓர் அதிகாரி கருதினால் போதும். மாநகரங்களில் காவல் ஆணையர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் கையெழுத்திடுகிறார். விசாரணையே நடக்காமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். 24 மணி நேர விதியும் வழக்கறிஞர் உரிமையும் தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது என்று அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது.

ஆர்ப்பாட்டத்துக்கு முன்பு ஆட்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவார்களே, அது வேறு. அதுவும் முன்னெச்சரிக்கைக் கைதுதான், ஆனால் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் அப்படி வைத்திருக்க முடியாது. நான் இங்கே பேசுவது மாதக் கணக்கில் உள்ளே வைக்கிற குண்டாஸைப் பற்றி மட்டும்.

அப்படியானால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? நாளிலும் தாளிலும் இருக்கிறது. அதிகாரியின் கணிப்பு சரியா தவறா என்று உயர் நீதிமன்றம் சாதாரணமாக எடைபோடாது. அந்தக் கணிப்புக்கு வந்த வழி சரியா, சட்டம் சொன்ன படிகள் ஒவ்வொன்றும் உரிய நாளில் நடந்ததா என்று பார்க்கும், அதைக் கறாராகவே பார்க்கும். இதைப் புரிந்துகொள்ளாத குடும்பங்கள் "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லை" என்பதை நிரூபிக்க அலைந்து மாதங்களை இழக்கின்றன. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது புக்லெட்டைத்தான். ஆணை, அதற்கான காரணங்கள், முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், ரிமாண்ட் தாள்கள் எல்லாம் பக்க எண் போட்டுச் சேர்த்த கட்டு அது. காவலில் வைக்கப்பட்டவரின் கையில் அதைக் கொடுத்து கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம். அடையாளம் தெரியாமல் இருக்க, அடிக்கடி நடக்கிற பல வழக்குகளை ஒன்றாக்கிச் சொல்கிறேன். 24 வயது இளைஞர். மார்ச் 2-ஆம் தேதி சந்தைப் பக்கம் ஒருவரிடம் கத்தியைக் காட்டி 1,500 ரூபாய் பறித்ததாக வழக்கு. பழைய அடிதடி வழக்குகள் இரண்டு உண்டு. ரிமாண்ட் ஆனதும் அமர்வு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு போட்டாயிற்று. அது நிலுவையில் இருக்கும்போது மார்ச் 25-இல் குண்டாஸ் ஆணை, அன்றைக்கே சிறையில் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 9-இல் ஜாமீன் கிடைத்தது, ஆனால் ஆள் வெளியே வரவில்லை.

இங்கே நான்கு தேதிகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். காவலுக்கான காரணங்களை 5 நாளுக்குள், அதாவது மார்ச் 30-க்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். மாநில அரசு 12 நாளுக்குள், ஏப்ரல் 6-க்குள் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் ஆணை அத்தோடு காலாவதி. மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 15-க்குள், காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்தின் முன் விஷயத்தை வைக்க வேண்டும். ஏழு வாரத்துக்குள், மே 13-க்குள், கழகம் அறிக்கை தர வேண்டும். போதிய காரணம் இல்லை என்று கழகம் சொன்னால் அரசு விடுதலை செய்தே ஆக வேண்டும். கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாட உரிமை இல்லை. காவலில் இருப்பவர் தானே பேசலாம். வழக்கறிஞர் என்ற முறையில் அல்லாமல் ஒரு நண்பரோ உறவினரோ துணைக்கு நிற்க உச்ச நீதிமன்றம் 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில் வழி செய்தது. அதனால் கழகத்துக்குப் போகும் முன்பே, என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பதற்றத்தில் அழுதுவிட்டு வருகிறவர்களே அதிகம்.

சரி, இந்த நான்கு தேதிகளையும் அரசு பெரும்பாலும் தவறவிடாது. ஆணை ரத்தாவது வேறு இடங்களில்தான்.

முதலாவது, ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்கு ஆணை போடுவது. உள்ளே இருப்பவர் எப்படிப் பொது ஒழுங்கைக் கெடுப்பார்? அவர் ஜாமீனில் வெளியே வரும் உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு அதிகாரியிடம் ஆதாரம் இருக்க வேண்டும். வழக்கமாக, "இதே போன்ற வழக்கில் ஜாமீன் வழங்கப்பட்டுள்ளது, எனவே இவரும் வர வாய்ப்புள்ளது" என்று ஒரு வரி இருக்கும். 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரியை உடைத்துப் பார்த்தது. எந்த வழக்கு, எந்த நீதிமன்றம், என்றைக்கு ஜாமீன் என்ற விவரமே இல்லாமல் இப்படிச் சொன்னால் அது வெறும் பேச்சு என்று ஆணையை ரத்துசெய்தது. அதற்குப் பிறகு ஆணைகளில் வழக்கு எண்ணைக் குறிப்பிடுகிறார்கள். நம் இளைஞரின் ஆணையிலும் எண் இருந்தது. ஆனால் புக்லெட்டில் அந்த ஜாமீன் உத்தரவைத் தேடிப் படித்தால், அது சாதாரணக் காயம் ஏற்படுத்திய வழக்கு. இவர் மேல் இருப்பதோ கத்தி முனைக் கொள்ளை. இரண்டும் ஒரே போன்றவை அல்ல. அதிகாரி அந்த உத்தரவைப் படிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இரண்டாவது, மொழியும் பிரதியும். ஆணைக்கு ஆதாரமான ஒவ்வொரு தாளும் அவருக்குப் புரிகிற மொழியில் கிடைக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கில ஆவணத்தின் தமிழாக்கம் தராததற்காகவே 1999-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு ஆணை ஒன்றை ரத்துசெய்தது. புக்லெட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். ஜெராக்ஸ் மங்கி எழுத்தே தெரியாத பக்கம், பாதியில் வெட்டுப்பட்ட பக்கம், ஆங்கிலம் மட்டும் இருக்கிற பக்கம், இவற்றின் எண்களைக் குறித்து வையுங்கள். சிறையில் இருப்பவர் கையில் இருக்கும் அதே பிரதியைப் பார்ப்பது முக்கியம். வழக்கறிஞருக்குக் கிடைத்த பிரதி தெளிவாக இருந்து, அவருக்குக் கொடுத்தது மங்கலாக இருக்கலாம்.

மூன்றாவது, முறையீட்டு மனு. என் அனுபவத்தில் குடும்பங்கள் அதிகம் கோட்டைவிடுவது இதைத்தான். காரணங்களைச் சொன்னதும் முறையீடு செய்ய முடிந்தவரை சீக்கிரமே வாய்ப்புத் தர வேண்டும் என்பது அரசியல் சாசனம் கொடுத்த உரிமை. வந்த முறையீட்டைத் தாமதமின்றிப் பரிசீலிப்பது அரசின் கடமை. அரசு ஒப்புதல் தரும்வரை ஆணை போட்ட அதிகாரிக்கே அனுப்பலாம், அப்புறம் உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு அனுப்பலாம். இரண்டு பேருக்கும் உடனே அனுப்பிவிடுவது நல்லது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தெளிவில்லாத பக்கங்களின் நல்ல பிரதியையும் அந்த மனுவிலேயே கேளுங்கள்.

நம் வழக்கில் முறையீடு மார்ச் 31-இல் போனது. நிராகரிப்புக் கடிதம் ஏப்ரல் 30-இல் சிறைக்கு வந்தது. ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுகிற ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வரும்போது, அந்த ஒரு மாதத்தில் கோப்பு எங்கெங்கே இருந்தது என்று தேதிப் பட்டியல் ஒன்றை அரசுத் தரப்பு கொடுக்கும். மனு வந்தது 2-ஆம் தேதி, குறிப்புரை கேட்டது 3, வந்தது 15, துணைச் செயலாளர் பார்த்தது 16, அமைச்சர் கையெழுத்திட்டது 27. ஆக, 17 முதல் 26 வரை 10 நாள் கோப்பு சும்மா கிடந்திருக்கிறது. விடுமுறை நாள் நான்கைக் கழித்தாலும் 6 நாளுக்கு விளக்கம் இல்லை. ஆறு நாள்தானே என்று தோன்றும். 1998-இன் ராஜம்மாள் வழக்கில் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று சொல்லப்பட்ட ஐந்து நாள் தாமதத்தையே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைத்து வைத்துவிட்டு, அவருடைய ஒரே மனுவை மேசையில் கிடத்த அரசுக்கு உரிமை இல்லை. இதில் நீதிமன்றம் காட்டும் கண்டிப்பு மிகச் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் முறையீடே அனுப்பாதவருக்கு இந்த வாதம் கிடைக்காது.

இவை தவிர, சம்பவம் பொது ஒழுங்கைப் பாதித்ததா என்ற கேள்வியும் உண்டு. இரண்டு குடும்பத்துக்குள் நடந்த சண்டை சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அதற்கு வழக்கும் தண்டனையும் போதும். ஊர் வாழ்க்கையே நிலைகுலைந்தால்தான் பொது ஒழுங்கு கெட்டது என்று ஆகும். 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கிலிருந்தே இந்த வேறுபாடு இருக்கிறது. இருந்தும், "பொதுமக்கள் அலறியடித்து ஓடினர், கடைகள் அடைக்கப்பட்டன" என்ற வாசகத்தை ஆணைக்கு ஆணை அச்சு மாறாமல் பார்க்கிறேன். சம்பவம் நடந்தது ஆளில்லாத சந்தில், இரவு 11 மணிக்கு என்று முதல் தகவல் அறிக்கையே சொன்னால், அதை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆட்கொணர்வு மனு சென்னையிலோ மதுரைக் கிளையிலோ இறுதி விசாரணைக்கு வருவதற்குள் பல மாதங்கள் போய்விடுகின்றன. ரத்தாகும் ஆணைக்கும் அவ்வளவு காலம் சிறையில் கழிந்திருக்கும். அறிவுரைக் கழகத்தின் கருத்தில்லாமல் மூன்று மாதம் வரை வைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைக்க 1978-இன் 44-ஆவது திருத்தத்திலேயே வகை செய்தார்கள். அந்தப் பகுதி இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

குண்டாஸ் ரத்தானாலும் மூல வழக்கு அப்படியே இருக்கும். எல்லாரும் குண்டாஸைத் துரத்திக்கொண்டிருக்க, மூல வழக்கின் ஜாமீனைக் கவனிக்க ஆள் இருக்காது. உயர் நீதிமன்ற உத்தரவு சிறைக்குப் போகும், அந்த வழக்கில் ரிமாண்ட் இருப்பதால் ஆள் வெளியே வர மாட்டார். ஆகவே மனு நிலுவையில் இருக்கும்போதே மூல வழக்கில் ஜாமீன் வாங்கி, ஜாமீன்தாரர்களையும் நிறுத்தி முடித்துவிடுங்கள். வேறு காவல் நிலைய வழக்கு எதிலாவது ரிமாண்ட் ஆகியிருக்கிறாரா என்றும் சிறையில் கேட்டு, அதற்கும் தனியாக ஜாமீன் மனு போட்டுவிடுங்கள்.