யூகலேலியின் மேல் தந்தி ஏன் மெல்லிசு?

பெங்களூரு ஜெயநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு யூகலேலி வாங்கினோம். கிடாரில் மேலே இருப்பது தடித்த தந்தி. இதில் மேல் தந்தி மெல்லிசாக இருக்கிறதே, கடைக்காரர் மாற்றிக் கட்டிவிட்டாரா?"

சரியாகத்தான் கட்டியிருக்கிறார். மேலிருந்து கீழே ஜி, சி, ஈ, ஏ. சி-யை சட்ஜமாக வைத்தால் ப, ச, க, த. ச, க, த மூன்றும் படிப்படியாக ஏறுகின்றன. முதலில் வரும் ப-வோ கீழ் ஸ்தாயிக்குப் போகாமல் க-வுக்கும் த-வுக்கும் நடுவே வந்து நிற்கிறது. இப்படி வரிசை மடங்குவதைத்தான் ரீ-என்ட்ரன்ட் ட்யூனிங் என்கிறார்கள். நம் தம்புராவிலும் ஆகத் தாழ்ந்த மந்தர சட்ஜம் கடைசியில்தானே வருகிறது!

சி கார்டுக்கு ஏ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் போதும். ஒலிப்பது ப, ச, க, மேல் ச. எல்லாமே ஒரே ஸ்தாயிக்குள் அடக்கம். அடுத்து ஏ மைனர், எஃப், ஜி7 வாசித்தாலும் ஒரு சுரம்கூட அந்த ஸ்தாயிக்கு வெளியே போகாது. 262 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடிப்படைச் சுரமே கிடையாது. கிடாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கச்சிதமும் பளிச்சென்ற தன்மையும் பெரும்பாலும் இங்கிருந்து வருபவை. மரத்துக்கே எல்லாப் புகழையும் கொடுக்கும் விற்பனைப் பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எனக்குப் பிடித்த இடம் கை ஓடும் விதம். கிடாரில் மேலிருந்து கீழே மீட்டினால் முதலில் கனத்த ஒலி, கீழிருந்து மேலே மீட்டினால் முதலில் கீச்சு ஒலி. இரண்டு வீச்சும் இரண்டு விதமாகக் கேட்கும். யூகலேலியில் தாழ்ந்த சுரம் உள்ளே ஒளிந்திருக்க, இரண்டு ஓரத்திலும் உயர்ந்த சுரங்கள் காவல் நிற்கின்றன. கீழ்வீச்சு 392 ஹெர்ட்ஸில் தொடங்கி 440-இல் முடிகிறது. மேல்வீச்சு அதன் தலைகீழ். எந்தப் பக்கம் போனாலும் முதலில் காதில் விழுவது பளிச்சென்ற ஒலிதான். புதிதாகக் கற்பவரின் மேல்வீச்சு வழக்கமாகத் தயங்கும், ஓரிரு தந்தியைத் தவறவிடும். இங்கே அது அவ்வளவாக உறுத்தாது.

ஆனால் சுருதி பிசகினால் இதே அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். எஃப் கார்டில் மேல் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டும், அழுத்தாத கடைசித் தந்தியும் ஒரே சுரம், 440 ஹெர்ட்ஸ். ஒன்று 442 ஆகிவிட்டால் ஒலி நொடிக்கு இரண்டு முறை எழும்பித் தணியும். அந்த அலைவு கேட்டால் மேல் தந்தியைச் சற்றே திருகி, அலைவு மெதுவாகி மறையும் வரை சரிசெய்யலாம். பல ட்யூனர்கள் ஜி என்ற எழுத்தை மட்டும் காட்டும், ஸ்தாயியைக் காட்டாது. தந்தி தொளதொளவென்று ஆடினால் ஒரு ஸ்தாயி கீழே நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.