ஒன்பதாம் வகுப்பிலும் வரிசையின் முதல் ஆளா?

காரைக்குடிப் பக்கத்தில் ‘பையன் வளரவே மாட்டேங்கிறான்’ என்று கூட்டிவருகிறவர்கள் கையோடு டானிக் பாட்டில்களைக் கொண்டுவருவார்கள். எனக்குத் தேவை பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் எடுத்த உயரக் கணக்கு. அது இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பதினாலரை வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மாவும் அப்பத்தாவும் அழைத்து வந்தார்கள். உயரம் 143 செ.மீ.; வளர்ச்சி அட்டவணையில் அந்த வயதுக்கான கடைசிக் கோட்டுக்கும் கீழே. ஆனால் முந்தைய இரண்டு வருடங்களில் 133.5, 138 என்று ஏறி வந்திருந்தான். வருடத்துக்கு நாலரை, ஐந்து செ.மீ. என்பது பருவ வளர்ச்சி தொடங்காத பையனுக்குச் சரியான வேகம்தான். அப்பா 170, அம்மா 156. இரண்டையும் கூட்டி, பையன் என்பதால் 13 சேர்த்துப் பாதியாக்கினால் 169.5. அவன் ஏறக்குறைய அந்த உயரத்துக்குப் போக வேண்டியவன்.

இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில், எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று காட்டும் எலும்பு வயது 12 என்று வந்தது. பன்னிரண்டு வயதுக்கு 143 அப்படியொன்றும் குள்ளமில்லை. விதையின் அளவும் அப்போதுதான் 4 மில்லியைத் தொட்டிருந்தது. ஆண் பிள்ளைகளுக்குப் பருவம் தொடங்கியதன் முதல் அடையாளம் இது. மீசையும் குரலும் பிறகுதான். வேகமான வளர்ச்சி வர அதன்பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

“இவன் அப்பச்சியும் இப்படித்தான் டாக்டர். பத்தாவது முடிக்கிறப்பக் கட்டையா இருந்தான். காலேசுக்குப் போனப்புறம்தான் விறுவிறுன்னு வளந்தான்” என்று தன் மகனைப் பற்றிச் சொன்னார் அப்பத்தா. அம்மா வயதுக்கு வந்ததும் பதினைந்தில்தான். தாமத வளர்ச்சி பெரும்பாலும் குடும்பத்தில் ஓடும்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பி இதை முடிவுசெய்யக் கூடாது. தைராய்டு குறைந்தாலும், வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் எலும்பு வயது இதேபோலப் பின்தங்கும். அவற்றில் வளர்ச்சி வேகமே விழுந்துவிடும். வருடத்துக்கு 4 செ.மீ.க்கும் குறைந்தால் நான் விடுவதில்லை. எடை இறங்குவது, ஓயாத வயிற்றுப்போக்கு, தலைவலியோடு பார்வை மங்குவது, வாசனையே தெரியாமலிருப்பது எல்லாம் வேறு நோயைக் காட்டும். இவனுக்கு அப்படி எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையும் சரி.

மருந்து கொடுக்கவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தேன். பதினாறரையில் 157, பத்தொன்பதில் 168. பதினாலு தாண்டியும் பருவம் தொடங்காமல், கேலி தாங்காமல் பையன் பள்ளிக்குப் போக மறுத்தால், சில மாதங்களுக்குக் குறைந்த அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவதுண்டு. அது வரவேண்டிய வளர்ச்சியை முன்னே இழுக்குமே தவிர, இறுதி உயரத்தைக் கூட்டாது. கம்பியில் தொங்கவிடுவது இரண்டையுமே செய்யாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் இவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. பதின்மூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, கூடவே உயரமும் குறைவு என்றால், ‘அவ அத்தை மாதிரி’ என்று விடாமல் குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும். எக்ஸ் குரோமோசோம் இரண்டில் ஒன்று இல்லாமலோ சிதைந்தோ இருக்கும் டர்னர் குறைபாடாக இருந்தால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி பலன் தரும். ஆனால் எலும்பு முதிர்ந்து, அதன் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு முன்பே, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும்.