உப்பு விழுங்கிய வெள்ளியை மில்லிவோல்ட்டில் எண்ணுவது

இராமநாதபுரம் கடலோரத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் செய்ய எந்தக் கிணற்றுத் தண்ணீரும் உதவாது. ஒரு துளி விட்டதுமே பால் கலந்தது போல வெளுத்துவிடும். தண்ணீரில் உள்ள குளோரைடு, வெள்ளி அயனியைப் பிடித்துச் சில்வர் குளோரைடாகக் கீழே இறக்கிவிடுகிறது. வெண்படிவு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரில் வெள்ளி அறவே இல்லையா, கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? லிட்டருக்கு ஒரு மோலில் நூறு கோடியில் சில பங்கு மிச்சம் இருக்கிறது. எந்தத் தராசும் காட்டாத அந்தக் கொஞ்சத்தை இரண்டு வெள்ளிக் கம்பியும் ஒரு மல்டிமீட்டரும் காட்டிவிடும்.

முதலில் உப்பில்லாமல் தொடங்குவோம். ஒரு பீக்கரில் 0.1 மோலார் சில்வர் நைட்ரேட், இன்னொன்றில் 0.01 மோலார். இரண்டிலும் ஒரே வெள்ளிக் கம்பியிலிருந்து வெட்டிய துண்டுகள். இரு கரைசலையும் ஓர் உப்புப் பாலம் இணைக்கிறது. உலோகமும் ஒன்று, அயனியும் ஒன்று. ஆகவே பாடப்புத்தக அட்டவணையில் வெள்ளிக்குக் கொடுத்திருக்கும் 0.80 வோல்ட் இரு பக்கமும் சமமாக அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது செறிவு வேறுபாடு மட்டும். நீர்த்த பக்கத்தில் கம்பியிலிருந்து வெள்ளி அயனியாகக் கிளம்பிச் செல்ல முனைகிறது. எலெக்ட்ரான்கள் கம்பியிலேயே தங்குகின்றன. அதனால் அந்தக் கம்பி எதிர்முனை. செறிந்த பக்கத்தில் அயனிகள் கம்பியில் படிய முனைவதால் அது நேர்முனை. மீட்டரை மாற்றி இணைத்தால் கழித்தல் குறி வரும், அவ்வளவுதான்.

எவ்வளவு மின்னழுத்தம் என்பதை நெர்ன்ஸ்ட் சமன்பாடு சொல்கிறது:

E = (RT/F) ln(a₂/a₁)

25 பாகையில் பத்து மடங்கு வேறுபாட்டுக்கு 59.2 மில்லிவோல்ட். நம் கரையில் அறை வெப்பம் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியே நிற்கும். அங்கே அது 60.15. இதன்படி 0.1-க்கும் 0.01-க்கும் இடையே 60 வர வேண்டும். ஆனால் ஒழுங்காகச் செய்த கலம் 55-ஐ ஒட்டித்தான் காட்டும்.

அந்த 5 மில்லிவோல்ட் குறைவு பிழையல்ல. சமன்பாட்டில் இருக்கும் a, நாம் எடைபோட்டுக் கரைத்த செறிவு அல்ல. அயனிகள் உண்மையில் எவ்வளவு செயல்படுகின்றன என்ற அளவு. செறிவான கரைசலில் நைட்ரேட் கூட்டம் ஒவ்வொரு வெள்ளி அயனியையும் சூழ்ந்து இழுத்துப் பிடிக்கிறது. 0.1 மோலாரில் வெள்ளியின் செயல்திறன் 0.0734 அளவுதான், 0.01 மோலாரில் 0.0090. அதாவது வேறுபாடு பத்து மடங்கு இல்லை, 8.2 மடங்கு. கணக்குப் போட்டால் 54.9 மில்லிவோல்ட்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. உப்புப் பாலத்துக்குப் பதிலாக, சில்வர் நைட்ரேட்டிலேயே நனைத்த வடிதாளால் இரு பீக்கரையும் இணைத்தால் மீட்டர் 58-க்கு மேல் காட்டும். "60-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது" என்று மனம் நிறைந்துவிடும். உண்மையில் அங்கே இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. நைட்ரேட், வெள்ளியைவிடச் சற்று வேகமாக நகரும். செறிந்த பக்கத்திலிருந்து நீர்த்த பக்கத்துக்குப் பரவும்போது அது முந்திப்போய் நீர்த்த கரைசலை எதிர்மின் பக்கம் தள்ளுகிறது. அந்தச் சந்தி மின்னழுத்தம் 3 முதல் 4 மில்லிவோல்ட், நம் அளவோடு சேர்ந்துகொள்கிறது. எங்கள் கணிப்பில், செய்முறைத் தேர்வில் "சரியான விடை" எழுதிய பல கலங்கள் இப்படிப்பட்டவைதான்.

ஆகவே பாலம் ஒழுங்காக இருக்க வேண்டும். நேர் அயனியும் எதிர் அயனியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகரும் பொட்டாசியம் நைட்ரேட் இதற்கு ஏற்றது. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும் 3 கிராம் அகாரும் போட்டுக் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே U வடிவக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் ஊற்றி ஆறவிடலாம். வழக்கமான பொட்டாசியம் குளோரைடு பாலத்தை இதில் வைத்தால், குழாய் வாயிலேயே வெண்படிவு அடைத்துக்கொண்டு மீட்டர் எண் அலையத் தொடங்கும். அகாரிலும் கவனம் வேண்டும். சின்னப்பாலம், வேதாளை பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைக்கும் பொருள்தான் அகார். கடலிலிருந்து வந்ததால் கழுவியது போதாவிட்டால் உப்பும் கூடவே வரும். கொஞ்சம் அகாரை ஊறவைத்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு துளி விட்டுப் பாருங்கள். மங்கினால், காய்ச்சுவதற்கு முன் அகாரை வாலை நீரில் ஊறவைத்து வடித்து, மீண்டும் ஊறவைக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையும் இதே துளியால் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

கம்பிகளுக்கும் ஒரு சோதனை உண்டு. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கழுவிய இரண்டையும் ஒரே கரைசலில் நிறுத்தினால் மீட்டர் 1 மில்லிவோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். அந்தச் செம்பு கரைந்து வெள்ளியைப் படியவைத்துக்கொண்டிருப்பதால் எண் நிலையாக நிற்காது. சுத்த வெள்ளியே வேண்டும். மீட்டரிலும் வித்தியாசம் உண்டு. மலிவானவற்றின் உள்தடை 1 மெகா ஓம்தான். பாலத்தின் தடை 10 கிலோ ஓம் இருந்தாலே நூற்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். 10 மெகா ஓம் மீட்டராக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

இப்போது உப்புக்கு வருவோம். ஒரு பக்கம் 0.01 மோலார் சில்வர் நைட்ரேட் அப்படியே இருக்கட்டும். மறுபக்கம் 50 மில்லி 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு. 100 மில்லிக்கு 0.746 கிராம் என்ற கணக்கு. அதில் 0.1 மோலார் சில்வர் நைட்ரேட்டை இரண்டே துளி விட்டுக் கலக்க வேண்டும். வெள்ளை மங்கல் தெரியும். குளோரைடில் இது ஆயிரத்தில் இரண்டு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும், ஆகவே 0.1 என்றே வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் கலக்கிவிட்டுப் படித்தால், 30 பாகையில் 385 மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கும்.

385-ஐ 60.15 ஆல் வகுத்தால் 6.4. அதாவது இரு பக்க வெள்ளிக்கும் இடையே சுமார் 25 இலட்சம் மடங்கு வேறுபாடு. 0.01-ஐ 25 இலட்சத்தால் வகுத்தால், உப்புப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் வெள்ளி லிட்டருக்கு 4 × 10⁻⁹ மோல். அதைக் குளோரைடின் 0.1 ஆல் பெருக்கினால் கரைதிறன் பெருக்கம் 4 × 10⁻¹⁰ என்று கிடைக்கிறது. புத்தகத்தில் இருப்பதோ 1.8 × 10⁻¹⁰.

இரண்டு மடங்குக்கு மேல் தவறு என்று கலத்தைக் குறை சொல்ல வேண்டாம். முன்பு 60-ஐ 55 ஆக்கிய அதே காரணம் இங்கேயும் இருக்கிறது. 0.01 மோலார் வெள்ளி 0.0090 ஆகவும், 0.1 மோலார் குளோரைடு 0.077 ஆகவும் செயல்படுகின்றன. திருத்திப் போட்டால் 2.8 × 10⁻¹⁰ அளவில் வரும். மீதி வித்தியாசம் வெப்பத்தால் வருவது. புத்தக மதிப்பு 25 பாகைக்கு உரியது. சில்வர் குளோரைடு கரையும்போது வெப்பத்தை உள்ளிழுப்பதால், ஐந்தே பாகை கூடினால் கரைதிறன் பெருக்கம் ஒன்றரை மடங்காகிறது. 1.8-இன் ஒன்றரை மடங்கு 2.7, நமக்குக் கிடைத்ததற்கு மிக அருகில். ஆக, பீக்கருக்குள் ஒரு வெப்பமானி நிற்காவிட்டால் இந்த அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

இதே கலத்தில் பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலாகக் கடல்நீரை வைத்துப் பார்க்கலாம். உப்புத்தன்மை 35 உள்ள கடல்நீரில் கிலோவுக்கு 19 கிராம் அளவில் குளோரைடு இருக்கும். குளோரைடு கூடக் கூட வெள்ளி இன்னும் அரிதாகும், மின்னழுத்தம் ஏறும். 425-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாக வைத்திருக்கும் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு உள்ள ஊருணித் தண்ணீர் என்றால் 320 அளவில் நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் உப்பு குறைவது தெரிந்ததே. 35 என்பது 28 ஆகக் குறைந்தால் 6 மில்லிவோல்ட் இறங்கும். மீட்டரில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் 1 மில்லிவோல்ட் தவறினால் நூற்றுக்கு நான்கு தவறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உப்பின் அளவைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் பியூரெட் வைத்துத் தரம்பார்ப்பதே மேல். எங்களுக்கு அதில் சந்தேகமில்லை.

கலத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. கடல்நீரில் வெள்ளி, படிவாகப் போனது தவிர, இரண்டு மூன்று குளோரைடுகளைச் சேர்த்துக்கொண்டு கரைந்தும் கிடக்கிறது. அப்படிக் கரைந்திருக்கும் வெள்ளி, தனி அயனியாக இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். மொத்த வெள்ளியை அளக்கும் எந்தக் கருவியும் இரண்டையும் சேர்த்தே சொல்லும். கம்பியோ, தனியாகத் திரியும் Ag⁺ அயனிக்கு மட்டுமே பதில் சொல்கிறது. 425 என்ற எண், கரைந்த வெள்ளி எவ்வளவு என்று சொல்லவில்லை. அதில் கட்டுப்படாதது எவ்வளவு என்று சொல்கிறது.

அளந்து முடித்த கரைசல்களை ஒரே பாத்திரத்தில் சேர்த்து, உப்பு போட்டு வெள்ளியைப் படியவைத்துத் தனியே எடுத்து வையுங்கள். அதை அம்மோனியாவில் கரைத்துச் சேமிக்கக் கூடாது; வைக்க வைக்க வெடிக்கும் பொருள் உண்டாகும்.

எல்லா நீருக்கும் இந்தக் கலம் ஒத்துவராது. காரங்காடு போன்ற அலையாத்திக் காடுகளின் கறுப்புச் சேற்றிலிருந்து பிழிந்த நீரை வைத்தால் எண் 600, 700 என்று ஏறிக்கொண்டே போகும். அழுகிய முட்டை வாடை வந்தால் காரணம் உடனே தெரிந்துவிடும்: சேற்றின் சல்பைடு. குளோரைடைவிடப் பன்மடங்கு இறுக்கமாக அது வெள்ளியைப் பிடிக்கிறது. மீட்டர் காட்டுவது அப்போது உப்பை அல்ல, சல்பைடை. கம்பியை வெளியே எடுத்தால் கறுத்திருக்கும். கறுப்பு முழுக்கப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இணைக்கம்பியோடு ஒரே கரைசலில் நிறுத்தி, மீட்டர் மறுபடி 1 மில்லிவோல்ட்டுக்குள் வந்த பிறகே அடுத்த நீரைத் தொட வேண்டும்.